கலக்கிக்கும் பொடிமாஸுக்கும் நடுவே சில விநாடிகள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் இந்தக் குரல் காதில் விழாமல் இருக்காது: "மாஸ்டர், இங்க ஒரு கலக்கி!" மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் முட்டையை உடைத்து ஊற்றுவார். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு கரண்டி சால்னா. ஸ்பூனை விட்டுப் படபடவென்று நாலு அடி. எண்ணெய் மினுங்கும் தோசைக்கல்லில் ஊற்றியதுமே ஓரம் வெளுக்கும். நாலு பக்கமும் உள்ளே மடித்து, பந்துபோலச் சுருட்டி, தட்டில் தள்ளிவிடுவார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து விநாடி இருந்தால் அதிகம். வெளியே மெல்லிய தோல், உள்ளே கூழ். வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து நாமும் மெத்தென்ற முட்டை செய்யப் பார்க்கிறோம். சமையல் வீடியோக்கள் எல்லாம் 'சிம்மில் வையுங்கள், பொறுமையாகக் கிளறுங்கள்' என்கின்றன. அப்படியே செய்கிறோம். கடைசியில் தட்டில் இருப்பது ரப்பர்த் துணுக்குகள், சுற்றிலும் மஞ்சளாக ஒரு ஸ்பூன் தண்ணீர். கொதிக்கும் கல்லில் போட்டவருக்குக் கூழாக வந்தது, சிறு தீயில் வைத்தவருக்கு ரப்பராக வந்தது என்றால், எங்கோ நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

தீயின் அளவு முட்டையை மெத்தென்று ஆக்குவதும் இல்லை, கட்டியாக்குவதும் இல்லை. முட்டை எந்தச் சூட்டில் வந்து நிற்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. தீ அந்தச் சூட்டுக்குப் போய்ச் சேரும் வேகத்தை மட்டும் மாற்றுகிறது. மாஸ்டர் வேகமாகப் போய்ச் சரியான இடத்தில் இறங்கிவிடுகிறார். நாம் மெதுவாகப் போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறோம்.

முட்டைக்குள் நடப்பது

உடைத்த முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். மீதியில் புரதமும் கொழுப்பும் பெரும்பகுதி. கொழுப்பு முழுக்க மஞ்சள் கருவில் இருக்கிறது. வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். பச்சை முட்டையில் ஒவ்வொரு புரதமும் இறுகச் சுற்றிய நூல்கண்டு போலத் தனித்தனியாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாததால்தான் முட்டை வழவழவென்று ஓடுகிறது.

சூடு ஏறினால் இந்தக் கண்டுகள் பிரிய ஆரம்பிக்கும். பிரிந்த நூல்கள் பக்கத்து நூல்களைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பானை முழுவதும் ஒரு வலை பின்னப்படுகிறது; முட்டையின் தண்ணீர் அந்த வலையின் கண்களுக்குள் சிறைப்படுகிறது. மெத்தென்று வெந்த முட்டை என்பது இதுதான்: தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் தளர்வான வலை. அதற்கு மேலும் சூடு ஏறினால் நூல்கள் இன்னும் இறுகும், கண்கள் சுருங்கும். உள்ளே இருந்த தண்ணீருக்கு இடம் போதாது. ஈரத் துணியை முறுக்கினால் தண்ணீர் சொட்டுவதுபோல அது வெளியே வந்துவிடும். தட்டில் தேங்கும் அந்த மஞ்சள் தண்ணீர் எங்கிருந்தோ வந்தது அல்ல. முட்டைக்குள் இருந்திருக்க வேண்டிய ஈரம் அது. அது வெளியேறிய அளவுக்கு மீதி முட்டை உலர்ந்து ரப்பராகியிருக்கிறது.

இதில் மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வெள்ளைக் கருவில் சூட்டுக்கு முதலில் அசைந்துகொடுக்கும் புரதம் ஓவோடிரான்ஸ்ஃபெரின். அது 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்குகிறது. வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து அடித்த முட்டை 73 டிகிரி வாக்கில் திரண்டு நிற்கிறது. வெள்ளைக் கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின். அது 80 டிகிரியைத் தாண்டும்போதுதான் இறுகுகிறது. அந்த ஓவால்புமின் முழுக்க இறுகிய பிறகு முட்டையை மெத்தென்று ஆக்க எந்த வித்தையாலும் முடியாது.

ஆக, நாம் இறங்க வேண்டிய இடம் 73 டிகிரியை ஒட்டியது. போகக் கூடாத இடம் 80-க்கு மேல். நடுவில் இருப்பது ஏழெட்டு டிகிரி. முட்டை சமைப்பதில் உள்ள சிரமம் எல்லாம் இந்த ஏழெட்டு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டு பாத்திரம், ஒரே முட்டை

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்த்துப் புரிந்துகொள்வது எளிது. ஆறு முட்டை, ஒரு நான்ஸ்டிக் பான், வெண்ணெய் இருந்தால் போதும். ஆறையும் ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றி, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்பு போட்டு, வெள்ளைக் கரு தனியாகத் திட்டுத்திட்டாகத் தெரியாத அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை சரியாகக் கலக்காவிட்டால் வெந்தபின் ரப்பர் நூல்போல வெண்மையாகத் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். இதைச் சரிபாதியாகப் பிரியுங்கள்.

முதல் பாதியைச் சிறு தீயில் செய்யலாம். பானில் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் போட்டு, அது உருகியதும், பொங்குவதற்கு முன்பே முட்டையை ஊற்றுங்கள். அடுப்பு சிம்மில் இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டாமல், அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கிளறிக்கொண்டே இருங்கள். மூன்றாவது நிமிட வாக்கில் கரண்டி போன தடத்தில் நூல்நூலாகத் திரளும். கிளறல் நிற்காததால் அவை பெரிதாகச் சேர முடியாது. ரவைபோலச் சிறு சிறு மணிகளாகவே நிற்கும். ஆறேழு நிமிடத்தில் மொத்தமும் கெட்டியான ரவைக் கஞ்சி பதத்துக்கு வரும். கரண்டியால் கோடு கிழித்தால் கோடு ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக மூடிக்கொள்ளும். அதுதான் இறக்கும் பதம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இன்னும் பொறுமையான வழி வைத்திருக்கிறார்கள்: முட்டைப் பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறுவது. வெந்நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் முட்டை திடீரென்று எகிறிப்போகும் ஆபத்து குறைவு.

இரண்டாவது பாதி முழுத் தீயில். பானை நன்றாகக் காயவைத்து இரண்டு டீஸ்பூன் வெண்ணெய் போடுங்கள். வெண்ணெய் நுரைத்துப் படபடக்கும். அதிலுள்ள தண்ணீர் கொதித்துப் போகிற சத்தம் அது. நுரை அடங்கிச் சத்தம் குறைந்ததும், வெண்ணெய் சிவப்பதற்குள், முட்டையை ஊற்றுங்கள். மூன்று நான்கு விநாடியில் ஓரம் வெளுத்து உப்பும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு தள்ளு. காலியான இடத்தில் பச்சை முட்டை ஓடி நிரம்பும். மறுபடி ஒரு தள்ளு. ஆறேழு தள்ளலில், அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடத்துக்குள், பெரிய பெரிய மடிப்புகளாக முட்டை குவிந்துவிடும். மேலே இன்னும் ஈரமாக, பளபளவென்று இருக்கும்போதே தட்டில் கொட்டிவிடுங்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இருக்காது. முதலாவது தயிர்போல அடர்த்தியாக, வழவழப்பாக இருக்கும். ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். இரண்டாவது பஞ்சுபோல உப்பி, அடுக்கடுக்காக இருக்கும். சூடான பானைத் தொட்ட முட்டையில் உள்ள தண்ணீர் அங்கேயே ஆவியாகி, இறுகிக்கொண்டிருக்கும் புரதத்தை ஊதிவிடுகிறது. அந்த உப்பல் சிறு தீயில் வராது. அதேபோல முழுத் தீயில் அந்த வழவழப்பு வராது. எது நல்லது என்பது நாக்கைப் பொறுத்தது.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு மன்னிப்பில் இருக்கிறது. சிறு தீயில் நீங்கள் அரை நிமிடம் தாமதித்தாலும் முட்டை ஓரிரு டிகிரிதான் ஏறியிருக்கும். முழுத் தீயில் ஐந்து விநாடி தாமதித்தால் காரியம் கெட்டுவிடும். செல்போன் அடித்தது, மிளகுத்தூள் டப்பாவைத் தேடினோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சிறு தீ நல்ல முட்டையைத் தருகிறது என்பதைவிட, நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது என்பதே சரி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சிம்மில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் முட்டை மெதுவாக 80-ஐத் தொடும், அதைத் தாண்டியும் போகும். ரப்பர் ஆவதற்கு முழுத் தீ தேவையில்லை, நேரம் போதும்.

இறக்கிய பிறகும் வேகும்

நம்மில் பெரும்பாலோர் தவறுவது கடைசி அரை நிமிடத்தில். 'இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கே' என்று அடுப்பிலேயே வைத்திருக்கிறோம். சாப்பிடுகிற பதம் வந்தபின் அடுப்பை அணைக்கிறோம். பிறகு பானிலேயே முட்டையை விட்டுவிட்டுத் தட்டு தேடப் போகிறோம். கல்லும் பானும் சூட்டை உடனே விடாது. கனமான இரும்புக் கல் என்றால் இன்னும் மோசம். அணைத்த பிறகும் முட்டை வெந்துகொண்டே இருக்கும்.

ஒரு கடையில் கலக்கி மாஸ்டரிடம், "எப்பண்ணே எடுக்கிறதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கையில் வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "கல்லுல வெந்துருச்சுன்னா தம்பி, எலைக்கு வர்றப்ப பொடிமாஸ் ஆயிரும். அது கல்லுல வேகக்கூடாது, எலையில வேகணும்." 73 டிகிரி, 80 டிகிரி என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சாப்பிடுகிற பதத்துக்குக் கொஞ்சம் முன்பே, இன்னும் நெகிழ்ந்திருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மீதி வேலையை முட்டைக்குள் இருக்கும் சூடே முடித்துக்கொள்ளும்.

இறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிப்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது: பளபளப்பு. ஈரம் வலைக்குள் இருக்கும்வரை முட்டையின் மேல் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது மங்கி, மேற்பரப்பு வெளிறிக் காய்ந்தாற்போல் ஆகிறதென்றால் எல்லையில் நிற்கிறீர்கள். பானின் அடியில் தண்ணீர் கசிந்து சிடுசிடுக்கும் சத்தம் கேட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அப்போது வெண்ணெயோ பாலோ ஊற்றினால் ஈரமானதுபோலத் தோன்றும். சுருங்கிய வலை மறுபடி விரியாது.

தாண்டப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில், தாண்டுவதற்கு முன், ஒரு வழி உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டு வெண்ணெயையோ ஒரு ஸ்பூன் பாலேட்டையோ போட்டுக் கிளறுவது. அதன் குளிர்ச்சி முட்டையின் சூட்டை உடனே இழுத்துப் பிடிக்கும். பிரிட்டிஷ் சமையற்காரர் கார்டன் ராம்சேயின் பிரபலமான முறையில் பாத்திரத்தை அடுப்பில் வைப்பதும் எடுப்பதுமாகவே சமையல் நடக்கும். கடைசியில் புளிப்பேறிய கிரீம் ஒரு ஸ்பூன் சேர்ப்பார். சுவைக்காகச் சேர்ப்பதுபோலத் தெரியும். ஆனால் வேகுவதை நிறுத்துவதும் அதன் வேலைதான்.

உப்பை எப்போது போடுவது?

ராம்சேயைச் சொன்னதும் உப்புச் சண்டைக்கு வந்துவிடுகிறோம். அவர், முட்டையை அடிக்கும்போது உப்பு போடாதீர்கள், போட்டால் முட்டை நீர்த்துவிடும், கடைசியில் போடுங்கள் என்பவர். நம் வீடுகளிலும் இந்தக் கருத்து உள்ள பெரியவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாகச் சொல்பவர் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் கெஞ்சி லோபஸ்-ஆல்ட். அவர் முட்டையைச் சமைக்கப் பதினைந்து நிமிடம் முன்பு உப்பிட்டது, ஊற்றுவதற்குச் சற்று முன் உப்பிட்டது, கடைசியில் உப்பிட்டது என்று மூன்று விதமாகச் செய்து ஒப்பிட்டார். கடைசியில் உப்பிட்டதுதான் இறுகித் தண்ணீர் விட்டது. பதினைந்து நிமிடம் முன்பு உப்பிட்டது மெத்தென்று ஈரம் காத்தது. நடுவில் இருந்தது நடுவிலேயே இருந்தது.

இதன் காரணத்தை ஹெரால்டு மெக்கீ, சமையலறை அறிவியலைப் பற்றி 1984-இல் வெளியிட்ட 'ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்' என்ற நூலில் விளக்கியிருக்கிறார். முட்டைப் புரதங்கள் பெரும்பாலும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. காந்தத்தின் ஒரே முனைகள் விலகுவதுபோல அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உப்பில்லாத முட்டையில் இந்தத் தள்ளலை மீறி ஒட்ட வேண்டுமானால் நூல்கண்டு நன்றாகப் பிரிந்து, நீளமாக விரிந்தாக வேண்டும். அதற்குச் சூடு அதிகம் வேண்டும். அப்படி முழுக்க விரிந்த நூல்கள் ஒட்டும்போது பல இடங்களில் பின்னிப் பிணைகின்றன. வலை இறுக்கமாகிறது.

உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிந்து புரதங்களைச் சுற்றி நின்றுகொள்கிறது. ஒன்றையொன்று தள்ளிய மின்னேற்றம் மறைக்கப்படுகிறது. இப்போது புரதங்கள் அதிகம் விரியாமலே, பாதி சுருண்ட நிலையிலேயே, சீக்கிரமாக ஒட்டிக்கொள்கின்றன. பாதி சுருண்ட கண்டுகள் அங்கங்கே தொட்டுக்கொள்ள முடியுமே தவிர, ஒன்றோடொன்று ஆழமாகப் பின்னிக்கொள்ள முடியாது. அதனால் வலை தளர்வாக இருக்கிறது, தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. உப்பு முட்டையைச் சீக்கிரம் திரளவும் வைக்கிறது, மெத்தென்றும் ஆக்குகிறது. கேட்கும்போது முரணாகத் தெரியும் இந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் 'உப்பு முட்டையை நீர்க்கச் செய்யும்' என்பது எங்கிருந்து வந்தது? கண்ணால் பார்த்ததிலிருந்துதான். அடித்த முட்டையில் உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அது மாறுவது நன்றாகத் தெரியும். வெளிர் மஞ்சளாக, சற்றுக் கலங்கலாக இருந்தது, ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாகித் தெளிந்து தெரியும். மஞ்சள் கருவில் மிதக்கும் நுண்ணிய மணிகளை உப்பு கரைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். இதைப் பார்ப்பவருக்கு முட்டை 'கெட்டுவிட்டது' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பச்சை முட்டையின் தோற்றத்துக்கும், வெந்தபின் வரும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. வெந்தபின் வரும் தண்ணீர் சுருங்கிய வலையிலிருந்து வருவது.

அப்படியும் ராம்சேயின் முட்டை மெத்தென்றுதான் வருகிறது. ஏனென்றால் அவர் அடுப்பிலிருந்து எடுத்து எடுத்து வைத்து, கடைசியில் குளிர்ந்த கிரீமும் போட்டு, சூட்டை எல்லைக்குள் பிடித்துவிடுகிறார். சூட்டைப் பிடித்துவிட்டால் உப்பு எப்போது போட்டாலும் பெரிய நட்டம் இல்லை. சூடு கொஞ்சம் கைமீறினால்தான் முன்பே போட்ட உப்பு காப்பாற்றுகிறது. சூடு முதல் காரணம், உப்பு இரண்டாவது. 85 டிகிரிக்கு ஏற்றிய முட்டையை எந்த உப்பாலும் மீட்க முடியாது.

இதையும் வீட்டில் சோதிக்கலாம். இரண்டிரண்டு முட்டையாக மூன்று கிண்ணம். மூன்றுக்கும் ஒரே அளவு உப்பு, இரண்டு சிட்டிகை. முதல் கிண்ணத்தில் உப்பு போட்டு அடித்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டாவதில் பானில் ஊற்றும்போது போடுங்கள். மூன்றாவதில் வெந்து தட்டுக்கு வந்தபின் தூவுங்கள். மூன்றையும் ஒரே பானில், ஒரே தீயில், ஒரே நேரம், வேண்டுமென்றே வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வேகவைக்க வேண்டும். பக்குவமாக இறக்கினால் மூன்றும் நன்றாக வந்து வேறுபாடு தெரியாமல் போய்விடும். தட்டுகளைப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் எதில் அதிகம் ஓடுகிறது என்பதைப் பார்த்தபின் நான் சொல்ல ஒன்றும் இருக்காது. சுவையிலும் ஒன்று தெரியும்: தூவிய உப்பு மேலேயே கரித்து உள்ளே சப்பென்று இருக்கும். முன்பே கரைந்த உப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

காலை அவசரத்தில் பதினைந்து நிமிடம் காத்திருக்க முடியாதா? குற்றமில்லை. அடிக்கும்போதே போட்டால் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். கல்லுப்பு வேண்டாம், தூள் உப்பு போடுங்கள். கல்லுப்பு கரைவதற்குள் முட்டை வெந்துவிடும். மூன்று முட்டைக்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு என்பது பெரும்பாலோர் நாக்குக்குச் சரியான அளவு.

டிபன் டப்பாவில் தண்ணீர்

இனி நம் பொடிமாஸுக்கு வருவோம். பொடிமாஸ் தோற்றுப்போன ஸ்கிராம்பிள்டு எக் அல்ல. அது வேண்டுமென்றே உதிரியாகச் செய்யப்படுவது. சோற்றோடு பிசையவும் சப்பாத்தியில் சுருட்டவும் அந்த உதிரிப் பதம்தான் வசதி. எனவே பொடிமாஸைக் கலக்கி பதத்தில் இறக்க வேண்டியதில்லை. ஆனால் உதிரியாக இருப்பது வேறு, ரப்பராக இருப்பது வேறு. பள்ளிக்கூட டப்பாவைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கி, மேலே முட்டைத் துணுக்குகள் கடிபடாமல் கிடப்பது பொடிமாஸின் இயல்பு அல்ல, செய்முறையின் குறை.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இது. எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம். வெங்காயம் சீக்கிரம் வதங்கட்டும் என்று உப்பை மொத்தமாக அங்கேயே போட்டுவிடுகிறோம். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் முட்டையை நேராகச் சட்டியிலேயே உடைத்து ஊற்றிக் கிளறுகிறோம். இப்போது அங்கே இரண்டு தண்ணீர் இருக்கிறது: வெங்காயத்தினுடையது, முட்டையினுடையது. சட்டியில் ஈரம் தெரிவதால், அது வற்றட்டும் என்று இன்னும் கிளறுகிறோம். வெங்காயத் தண்ணீர் வற்றுவதற்குள் முட்டை தன் தண்ணீரையும் கக்கிவிடுகிறது. கடைசியில் உப்பு போதவில்லை என்று மேலே தூவுகிறோம்.

மாற்ற வேண்டியது இரண்டே இடம்தான். உப்பில் பாதியை வெங்காயத்துக்குப் போட்டு, அது வதங்கி, ஈரம் முழுக்க வற்றி, எண்ணெய் ஓரத்தில் தெரியும்வரை விடுங்கள். தக்காளி சேர்ப்பவர்கள் அதுவும் சுண்டும்வரை பொறுக்க வேண்டும். மறுபாதி உப்பை, வெங்காயம் நறுக்க உட்காரும்போதே, தனிக் கிண்ணத்தில் முட்டையோடு அடித்து வைத்துவிடுங்கள். நறுக்கி, தாளித்து, வதக்கி முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். லோபஸ்-ஆல்ட் சொன்ன காத்திருப்பு நேரம் நமக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. பிறகு நடுத்தீயில் முட்டையை ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விட்டு, அடி திரண்டதும் உடைத்து உடைத்துக் கிளறுங்கள். ஓடுகிற முட்டை எங்கும் கண்ணில் படாத கணத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டில் இரண்டு கிளறு. உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஆவி அடங்கியபின் டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் பட்ட ஆவி தண்ணீராகித் திரும்ப முட்டையிலேயே விழும். அதற்குப் பழியும் உப்பின் தலையில் போய்ச் சேரும்.

சூட்டிலேயே நீண்ட நேரம் வைத்திருப்பது இன்னொரு கோலத்தையும் தரும். கல்யாண மண்டபக் காலைச் சிற்றுண்டியிலோ ஹோட்டல் பஃபேயிலோ முட்டைப் பொரியல் லேசாகப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் நீண்ட சூட்டில் சேர்வதால் வரும் நிறம் அது. உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த முட்டை எவ்வளவு நேரமாக அங்கே காத்திருக்கிறது என்பதை அந்த நிறம் சொல்லிவிடும்.

கூழ் எல்லோருக்கும் அல்ல

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. முட்டை உணவுகள் 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினரின் பரிந்துரை. அடித்த முட்டை முழுக்கத் திரளும் சூடும் ஏறக்குறைய அதுதான். எனவே ஓடுகிற முட்டை இல்லாமல், ஆனால் பளபளப்பு போகாமல் இறக்கிய முட்டை மெத்தென்றும் இருக்கும், பெரும்பாலும் பாதுகாப்பாகவும் இருக்கும். உள்ளே கூழாக ஓடும் கலக்கி அந்தச் சூட்டைத் தொடாதது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறி வருபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்குச் செய்யும்போது திரளும்வரை வேகவையுங்கள். முன்பே போட்ட உப்பு அதிகம் உதவுவதும் அங்கேதான். கூழாக இறக்கினால் முட்டை எப்படியும் மெத்தென்று இருக்கும். முழுக்க வேகவைத்தாக வேண்டும் என்ற நிலையில்தான் வலை தளர்வாக இருப்பதன் அருமை தெரியும்.

போன வாரம் அதே கடையில் மறுபடி உட்கார்ந்திருந்தபோது மாஸ்டரின் கையைக் கவனித்தேன். டம்ளரில் முதலில் விழுந்தது உப்புதான். அதன் மேல் முட்டை, பிறகு சால்னா, பிறகு அடி. "உப்பை ஏண்ணே மொதல்லயே போடுறீங்க?" என்றேன். "அப்பறம் போட்டா மறந்துருவேன் தம்பி" என்றார். பின்னால் இன்னும் மூன்று டம்ளர் வரிசையில் காத்திருந்தன.